அணியைத் தொடாமல் இரட்டை எண்ணைப் பிடிப்பது எப்படி?

ஓர் அணியில் n+1 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் 1 முதல் n வரையிலான ஒரு முழு எண் உட்கார்ந்திருக்கிறது. எண்களைவிட இடங்கள் ஒன்று கூடுதல் என்பதால், ஏதோ ஓர் எண்ணாவது இரண்டு இடங்களில் வந்தே தீரும். இப்படித் திரும்ப வரும் இரட்டை எண் எது?

கேள்வி இவ்வளவுதான் என்றால் நிரல் எழுதத் தொடங்கிய மாணவரும் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். கூடவே வரும் இரண்டு நிபந்தனைகள்தான் இதைக் கடினமாக்குகின்றன: அணியில் ஓர் எண்ணைக்கூட மாற்றக் கூடாது, அணியின் நீளம் எவ்வளவானாலும் கூடுதல் நினைவகம் சில மாறிகளைத் தாண்டக் கூடாது. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதை லீட்கோட் தளத்தின் 287ஆம் கணக்காக அறிவார்கள். கோட்பாட்டுக் கணினியியலாளர்கள் இதே கேள்வியை வேறு வடிவங்களில் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இரு தரப்பும் சொன்ன விடைகளைப் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு விடையும் எந்த நிபந்தனையை நம்பி நிற்கிறது என்பது தெரியவரும்.

## எளிய விடைகளும் அவை மீறும் விதிகளும்

முதலில் தோன்றும் வழி வரிசைப்படுத்துவது. எண்கள் ஏறுவரிசைக்கு வந்தால் இரட்டை எண்கள் அடுத்தடுத்து நிற்கும். ஆனால் வரிசைப்படுத்துவது அணியையே கலைத்துவிடும். பிரதி எடுத்து வரிசைப்படுத்தினால், அணியின் அளவுக்கே நினைவகம் செலவாகும்.

இரண்டாவது வழி, பார்த்த எண்களைக் குறித்து வைப்பது. ஹாஷ் அட்டவணையில் குறிக்கலாம். எண்கள் 1 முதல் n வரைதான் என்பதால் எண்ணுக்கு ஒரு பிட் வீதம் ஒதுக்கினாலும் போதும். ஒரே ஓட்டத்தில் வேலை முடியும். ஆனாலும் n பிட்டுகள் வேண்டும். அது அணியோடு சேர்ந்து வளரும்.

மூன்றாவது வழி கொஞ்சம் தந்திரமானது. குறிப்பதற்குத் தனி இடம் தேடாமல் அணியையே பயன்படுத்திக்கொள்கிறது: 5 என்ற எண்ணைப் பார்த்தால் 5ஆம் இடத்தில் உள்ள எண்ணின் குறியை எதிர்மறையாக்கு, ஏற்கெனவே எதிர்மறையாக இருந்தால் 5தான் இரட்டை. கடைசியில் எல்லாக் குறிகளையும் பழையபடி திருப்பிவிடலாம் என்பது இதன் ஆதரவாளர்கள் வாதம். அணியை ஒரே ஓர் இழை மட்டும் வாசிக்கும்வரை அந்த வாதம் செல்லும். அதே நேரத்தில் இன்னோர் இழையும் வாசித்தால், பாதி வழியில் எதிர்மறை எண்கள் அதன் கண்ணில் படும். வாசிப்புக்கு மட்டும் திறந்த கோப்பு நினைவகத்தில் இணைக்கப்பட்டிருந்தால், எழுத முயலும் முதல் கணத்திலேயே நிரல் நின்றுவிடும்.

மூன்று வழிகளும் தவறானவை அல்ல. ஏதாவது ஒரு விதியைத் தளர்த்த முடிகிற இடத்தில் இவற்றில் ஒன்றே பெரும்பாலும் சரியான தேர்வு.

## கூட்டிப் பார்க்கும் வழி ஏன் சறுக்குகிறது

இரண்டு விதிகளையும் காப்பாற்றுவது போலத் தோன்றும் ஒரு வழி உண்டு. அணியின் எல்லா எண்களையும் கூட்டி, 1 முதல் n வரையிலான கூட்டுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது இரட்டை எண். கூட்டல் பெரிதாகி நிரம்பி வழியும் என்று அஞ்சுகிறவர்கள் அதே வேலையைப் பிட் அளவிலான எக்ஸார் செயலால் செய்வார்கள்.

ஓர் எண் சரியாக இருமுறையும் மற்ற எல்லா எண்களும் சரியாக ஒருமுறையும் வந்தால் மட்டுமே இது செல்லும். கேள்வி அப்படி உறுதி தரவில்லை. ஓர் எண் மூன்று முறை வரலாம். அப்போது வேறோர் எண் காணாமல் போயிருக்கும்.

`[3, 4, 4, 1, 1, 2]` என்ற அணியைப் பார்க்கலாம். ஆறு இடங்கள், எண்கள் 1 முதல் 5 வரை. 4, 1 இரண்டும் இருமுறை வருகின்றன, 5 வரவே இல்லை. இதன் கூட்டுத்தொகை 15. 1 முதல் 5 வரை கூட்டினாலும் 15. வித்தியாசம் 0, ஆனால் 0 இந்த அணியில் இல்லவே இல்லை. எக்ஸார் வழியும் இதே அணிக்கு 0 என்றே சொல்கிறது. அணியில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதும் அந்தத் தொகையில் கலந்துவிடுவதுதான் காரணம்.

## எண்ணிப் பாதியாக்கும் வழி

விதிகளை உண்மையாகவே காப்பாற்றும் முதல் விடை, புறாக்கூட்டுக் கொள்கையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அணியை முழுக்க வாசித்து, n-இன் பாதிக்கு மிகாத எண்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். பாதியைவிட அதிகம் என்றால், கீழ்ப்பாதி எண்களுக்குள் ஓர் இரட்டை நிச்சயம். இல்லையென்றால் மேல்பாதியில் நிச்சயம். எஞ்சிய பாதியை மறுபடியும் பாதியாக்கினால், log n ஓட்டங்களில் ஒரே ஓர் எண் மிஞ்சும்.

இந்த வழி அணியை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக மட்டுமே வாசிக்கிறது, எங்கும் தாவுவதில்லை. எத்தனை எண்கள் எத்தனை முறை திரும்ப வந்தாலும் குழம்புவதில்லை. குறை ஒன்றுதான்: n ஒரு கோடியைத் தாண்டும்போது ஓட்டங்கள் 24 ஆகின்றன. நேரம் n-க்கு நேர்விகிதத்தில் இல்லாமல் n log n ஆகிறது. அந்த log-ஐ நீக்க முடியுமா என்ற கேள்விதான் சுழற்சித் தேடலுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

## அணியைப் பாதையாகப் பார்த்தல்

இங்கே பார்வை மாறுகிறது. அணியின் எண்களை மதிப்புகளாகப் பார்க்காமல், அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரிகளாகப் பார்க்க வேண்டும். i-ஆம் இடத்தில் இருக்கும்போது `a[i]`-ஐ வாசித்து, அந்த எண் சொல்லும் இடத்துக்குப் போகலாம். எண்கள் 1 முதல் n வரை. இடங்கள் 0 முதல் n வரை. எந்த முகவரியும் அணிக்கு வெளியே போகாது.

0ஆம் இடத்தில் நடையைத் தொடங்கினால் என்ன ஆகும்? இடங்கள் முடிவுள்ளவை, ஆகவே எப்போதாவது ஏற்கெனவே போன இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதன் பிறகு அதே வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் எந்த எண்ணும் 0 இல்லை. எனவே 0ஆம் இடத்துக்கு யாரும் திரும்பிவர முடியாது. ஆக நடை ஒரு வாலில் தொடங்கி, ஒரு வளையத்தில் போய்ச் சேருகிறது. கிரேக்க எழுத்து ரோவைப் போன்ற வடிவம் இது.

வாலும் வளையமும் சேரும் இடம்தான் விடை. அந்த இடத்துக்கு இரண்டு வழிகள் வருகின்றன: ஒன்று வாலின் கடைசி இடத்திலிருந்து, மற்றொன்று வளையத்தின் கடைசி இடத்திலிருந்து. அந்த இரண்டு இடங்களிலும் ஒரே எண்தான் எழுதியிருக்க முடியும். இரட்டை எண்ணைத் தேடும் வேலை, வளையத்தின் வாசலைத் தேடும் வேலையாக மாறிவிட்டது.

## வழிமுறை எங்கிருந்து வந்தது

வளையத்தின் வாசலை இரண்டே சுட்டிகளால் கண்டுபிடிக்கும் முறைக்கு ராபர்ட் ஃபிளாய்டின் பெயர் ஒட்டியிருக்கிறது. ஆமை-முயல் முறை என்றும் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரம், டொனால்ட் நூத் 1969இல் வெளியிட்ட தன் நிரலாக்க நூல் தொடரின் இரண்டாம் தொகுதியில் ஒரு பயிற்சிக் கணக்கில் ஃபிளாய்டைக் குறிப்பிட்டதுதான். ஃபிளாய்டின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சிலர் மூலமாகக் காட்டுவதுண்டு. ஆனால் அது ஒரு திசையுள்ள வரைபடத்தின் எல்லா எளிய சுழற்சிகளையும் பட்டியலிடுவது பற்றியது, இரண்டு சுட்டிகள் பற்றியது அல்ல.

முறை பிறந்த இடமும் அணிகள் அல்ல. நூத்தின் பயிற்சி போலி-சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் சார்புகளைப் பற்றியது: ஒரு சார்பைத் திரும்பத் திரும்ப இயக்கினால் எண்கள் எப்போது சுழலத் தொடங்கும்? 1975இல் ஜான் பொல்லார்ட் இதே எண்ணத்தைப் பெரிய எண்களைக் காரணிப்படுத்தப் பயன்படுத்தினார். அதன் பெயரே ரோ முறை. 1980இல் ரிச்சர்ட் பிரெண்ட் வேகமான மாற்று ஒன்றைத் தந்தார். அந்த மாற்றைக் கொண்டு அவரும் பொல்லார்டும் எட்டாவது ஃபெர்மா எண்ணின் 16 இலக்கக் காரணியைக் கண்டுபிடித்தார்கள். இந்த வரலாற்றில் சார்பை ஒருமுறை இயக்குவதற்கு ஆகும் செலவே பெரிது. அணிக் கணக்கில் சார்பு என்பது ஒரு வாசிப்பு மட்டுமே. இந்த வேறுபாடு கீழே மறுபடியும் குறுக்கிடும்.

## ஒரு கணக்கு, அடி அடியாக

n = 8 என்று கொள்வோம். ஒன்பது இடங்கள் கொண்ட அணி இது:

```
இடம்:  0  1  2  3  4  5  6  7  8
எண்:   5  3  7  6  1  4  8  2  3
```

0ஆம் இடத்திலிருந்து நடந்தால் பாதை 0, 5, 4, 1, 3, 6, 8, மறுபடியும் 3 என்று போகிறது. வாலின் நீளம் 4 அடி. வளையம் 3, 6, 8 என்ற மூன்று இடங்கள். 2ஆம் இடமும் 7ஆம் இடமும் தங்களுக்குள் ஒரு தனி வளையம். நடை அங்கே போவதே இல்லை. போக வேண்டிய தேவையும் இல்லை.

நிரலுக்கு இந்தப் படம் தெரியாது. அதனிடம் இரண்டு சுட்டிகள் மட்டுமே உள்ளன. ஆமை ஒரு சுற்றுக்கு ஓர் அடி, முயல் இரண்டு அடி. முதல் சுற்றின் முடிவில் ஆமை 5இல், முயல் 4இல். அடுத்து 4, 3. அடுத்து 1, 8. பிறகு 3, 6. பிறகு 6, 3. ஆறாவது சுற்றில் இரண்டும் 8இல் சந்திக்கின்றன.

சந்தித்த இடம் விடை அல்ல. 8 இந்த அணியில் ஒருமுறைதான் வருகிறது. இங்கே முயலை 0க்குக் கொண்டுபோய் வைத்து, இனி இரண்டையும் ஓர் அடியாகவே நடத்த வேண்டும். ஒன்று 0, 5, 4, 1, 3 என்று வருகிறது. மற்றது 8, 3, 6, 8, 3 என்று வருகிறது. நான்காவது அடியில் இரண்டும் 3இல் சேருகின்றன. அதற்கு முந்தைய அடியில் ஒன்று 1ஆம் இடத்திலும் மற்றது 8ஆம் இடத்திலும் நின்றன. அணியைப் பார்த்தால், 3 எழுதியிருக்கும் இரண்டு இடங்கள் அவையே.

## ஏன் தவறாமல் வாசலில் சேருகின்றன

முதல் சந்திப்பின்போது ஆமை i அடி நடந்திருந்தால் முயல் 2i அடி நடந்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால், முயல் கூடுதலாக நடந்த i அடிகள் வளையத்தை முழுச் சுற்றுகளாகச் சுற்றியவை. அதாவது i, வளைய நீளத்தின் மடங்கு. மேலே i = 6, வளையம் 3.

இரண்டாம் கட்டத்தில் ஒரு சுட்டி 0இலிருந்தும் மற்றது அதைவிட i அடி முன்னாலும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் ஒரே வேகம், இடைவெளி மாறாது. முதல் சுட்டி வாலைக் கடந்து வாசலுக்கு வரும் அந்த நொடியில், மற்றது வாசலிலிருந்து முழுச் சுற்றுகள் முன்னால் இருக்கிறது. முழுச் சுற்று என்றால் அதே வாசல். அதற்கு முன்னால் சந்திக்க வழியே இல்லை. ஒன்று வாலில் இருக்கும்போது மற்றது வளையத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆமை முதல் சந்திப்புக்குள் n அடிகளுக்கு மேல் நடப்பதில்லை. வாலும் n அடிகளுக்கு மிகாது. இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து வாசிப்புகள் 5n-ஐத் தாண்டாது. log மறைந்துவிட்டது, அணி மாறவில்லை, நினைவகம் இரண்டு மாறிகள்.

## நிரலில் நழுவும் ஓர் அடி

```python
def find_dup(a):
    slow, fast = a[0], a[a[0]]
    while slow != fast:
        slow = a[slow]
        fast = a[a[fast]]
    fast = 0
    while slow != fast:
        slow = a[slow]
        fast = a[fast]
    return slow
```

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை `fast = 0` என்ற வரியில் `fast = a[0]` என்று எழுதுவது. சுட்டிகள் `a[0]`-இல்தானே தொடங்கின என்ற நினைப்பு காரணம். உண்மையில் அவை 0இல் கிளம்பி ஒரு சுற்று ஏற்கெனவே நடந்துவிட்டன. தவறாக எழுதினால் இடைவெளி i-க்குப் பதிலாக i−1 ஆகிறது. அது வளைய நீளத்தின் மடங்கு அல்ல. இரண்டு சுட்டிகளும் ஒரே வளையத்தில் ஒன்றை ஒன்று துரத்தியபடி என்றென்றும் சுற்றும்.

இந்தப் பிழை சோதனையில் தப்பிவிடுவதுதான் தொல்லை. வளைய நீளம் 1 என்றால் எல்லா எண்களும் அதன் மடங்கு. அப்போது தவறான நிரலும் சரியான விடை தரும். பலர் முதலில் சோதிக்கும் மிகச் சிறிய அணி `[1, 1]` அப்படிப்பட்டது: 1ஆம் இடத்தில் 1. `[1, 3, 4, 2, 2]` என்ற அணியைக் கொடுத்தால்தான் நிரல் முடிவின்றித் தொங்கும். அதன் வளைய நீளம் 2. ஆகவே சோதனை அணிகளில் வளையம் ஒன்றுக்கு மேல் நீளமானதாக ஒன்றாவது இருக்க வேண்டும்.

## வரம்பு தவறினால்

சுழற்சித் தேடல் முழுக்க நம்பியிருப்பது, தொடங்கும் இடத்துக்கு யாரும் திரும்ப முடியாது என்ற ஒரே உண்மையை. எண்கள் 1க்குப் பதிலாக 0இலிருந்து தொடங்கினால் அது போய்விடும்.

`[1, 0, 1]` என்ற அணியில் எண்கள் 0, 1 மட்டுமே, இடங்கள் மூன்று. இரட்டை எண் 1. ஆனால் 0இலிருந்து நடந்தால் 0, 1, 0 என்று தொடக்கத்திலேயே வளையம், வால் இல்லை. நிரல் 0 என்று விடை தரும், அதுவும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல். இதற்குத் திருத்தம் எளிது: எந்த எண்ணும் சுட்டாத கடைசி இடத்தில் நடையைத் தொடங்கினால் 2, 1, 0, 1 என்று பாதை போகும், வாசல் 1.

வரம்புக்கு மேலான எண் இருந்தால் பெரும்பாலான மொழிகளில் நிரல் உடைந்துவிடும், அல்லது அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தை வாசிக்கும். பைதானில் எதிர்மறை எண் இன்னும் வஞ்சகமானது. அங்கே −1 என்பது கடைசி இடத்தைக் குறிக்கும். நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் தவறான பாதையில் நடக்கும். உள்ளீட்டின் மேல் நம்பிக்கை இல்லாத இடங்களில், கிடைத்த விடை அணியில் எத்தனை முறை வருகிறது என்று ஒரே ஓட்டத்தில் எண்ணிச் சரிபார்ப்பது நல்லது. அதற்கு n+1 வாசிப்புகள் மட்டுமே கூடுதல்.

இன்னொரு வரம்பும் உண்டு. இது ஏதாவது ஓர் இரட்டை எண்ணைத் தரும், எல்லாவற்றையும் தராது. முன்பு பார்த்த `[3, 4, 4, 1, 1, 2]` அணியில் பாதை 0, 3, 1, 4, 1 என்று போகிறது, விடை 1. இதுவும் சரியான விடைதான். ஆனால் 4ஐ எழுதி வைத்திருக்கும் 2ஆம் இடம் பாதையிலேயே இல்லை. ஆகவே 4 இருமுறை வருவது இந்த நடைக்குத் தெரியவே வராது.

## வேகம்: எண்ணிக்கையும் கடிகாரமும்

பிரெண்டின் மாற்றில் ஆமை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முயல் மட்டும் ஓர் அடியாக நடக்கிறது. முயல் இத்தனை அடி நடந்தும் சந்திக்கவில்லை என்றால், ஆமை முயலின் இடத்துக்குத் தாவிவிடும். அடுத்த காத்திருப்பு இரு மடங்கு. மேலே பார்த்த ஒன்பது இட அணியில் ஆமை 0இல் தொடங்கி, 1, 3, 7 ஆகிய அடிகளில் மட்டும் இடம் மாறுகிறது. பத்தாவது அடியில் முயல் அதைச் சந்திக்கும்போது வளைய நீளம் 3 என்று தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு சுட்டியை 3 அடி முன்னால் வைத்து இரண்டையும் நடத்தினால் வாசல் கிடைக்கும். மொத்தம் 21 வாசிப்புகள். ஃபிளாய்டின் முறைக்கு 26. எண்ணிப் பாதியாக்கும் முறைக்கு ஒன்பது இடங்களை மூன்று ஓட்டங்களில், 27. சமவாய்ப்புச் சார்புகளில் தன் முறை ஃபிளாய்டைவிடச் சராசரியாக 36 சதவீத அளவு வேகமானது என்பது பிரெண்டின் கணிப்பு.

நடையின் நீளம் அணியின் இயல்பைப் பொறுத்து மிகவும் மாறுகிறது. எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சமவாய்ப்பில் எழுதப்பட்டிருந்தால், வாலும் வளையமும் சேர்ந்த நீளம் சராசரியாக √(πn/2). n பத்து இலட்சம் என்றால் ஏறத்தாழ 1,250 அடிகள்தான். அணியின் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே விடை கிடைத்துவிடும். ஆனால் ஒரே ஓர் எண் மட்டும் இருமுறை வந்து, மற்றவை ஒவ்வொன்றும் ஒருமுறை கலைந்து கிடந்தால் கதை வேறு. அப்போது இரட்டை எண்ணின் இரண்டாவது பிரதியைப் பார்க்கும்வரை நடை முடியாது. சராசரி நீளம் n-இல் மூன்றில் இரண்டு பங்கு. அதே பத்து இலட்சத்துக்கு ஆறரை இலட்சத்துக்கும் மேல்.

இங்கேதான் வாசிப்பு எண்ணிக்கையும் கடிகாரமும் பிரிகின்றன. சுழற்சித் தேடலில் அடுத்த முகவரி இப்போதைய வாசிப்பு முடிந்த பிறகே தெரியும். அது அணியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அணி கேச் நினைவகத்துக்குள் அடங்கினால் இது பொருட்டல்ல. 10 கோடி எண்களை நான்கு பைட் வீதம் வைத்தால் 40 கோடி பைட். அது கேச்சில் அடங்காது. முதன்மை நினைவகத்துக்கு ஒரு தாவலுக்கு 100 நேனோநொடி என்று கொண்டால், ஒற்றை இரட்டை எண் உள்ள அணியில் இந்த நடைக்குப் பத்து நொடிக்கும் மேல் ஆகக்கூடும்.

எண்ணிப் பாதியாக்கும் முறை அதே அணியை 27 முறை வாசிக்கிறது. 270 கோடி வாசிப்புகள். ஆனால் அவை வரிசையானவை. நினைவகம் நொடிக்கு 1,000 கோடி பைட் தந்தால், முழு வேலையும் ஒரு நொடிக்குச் சற்று மேல்தான். இவை தோராயக் கணக்குகள்; கணினிக்குக் கணினி மாறும். இருந்தாலும் 5n எப்போதும் n log n-ஐ வெல்லும் என்ற எதிர்பார்ப்பு பெரிய அணிகளில் பொய்யாகலாம் என்பதற்கு இதுவே போதும். நினைவக விதியைக் கொஞ்சம் தளர்த்தி 1.25 கோடி பைட் தர முடிந்தால், பிட் குறிப்பு வழி ஒரே ஓட்டத்தில் வேலையை முடித்துவிடும்.

## தாவ முடியாதபோது

அணிக்குப் பதிலாக எண்கள் ஓடையாக, ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் வந்தால் சுழற்சித் தேடல் செயலற்றுப்போகிறது; தாவல் இல்லாமல் நடை இல்லை. log n பிட் அளவு நினைவகத்தில், மாறா எண்ணிக்கையிலான ஓட்டங்களில் இரட்டையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று முத்துகிருஷ்ணன் 2005இல் கேட்டார். 2007இல் ஜுன் தருயி முடியாது என்று நிறுவினார்: அந்த நினைவகத்துக்குக் குறைந்தது log n / log log n என்ற அளவில் ஓட்டங்கள் வேண்டும். எண்ணிப் பாதியாக்கும் முறையின் log n ஓட்டங்கள் இந்தக் கீழ்வரம்புக்கு மிக அருகில் நிற்கின்றன.

சமவாய்ப்பை அனுமதித்தால் நிலைமை மாறுகிறது. பரிக்‌ஷித் கோபாலனும் ஜெய்குமார் ராதாகிருஷ்ணனும் 2009இல், log n-இன் மும்மடி அளவு பிட்டுகளில் ஒரே ஓட்டத்தில் விடை தரும் வழியைக் காட்டினார்கள். 2011இல் ஜொவ்ஹாரி, சாலாம், டார்டோஷ் மூவரும் அதை இருமடியாகக் குறைத்தார்கள். அதற்குக் கீழே போக முடியாது என்றும் காட்டினார்கள். ஆனால் இந்த வழிகள் சிறு நிகழ்தகவில் தோல்வி அடையலாம். ஃபிளாய்டின் நடை ஒருபோதும் தோற்பதில்லை.

## எண்களுக்கு எல்லை இல்லாதபோது

இன்னும் கடினமான உறவுக் கணக்கு ஒன்று உண்டு. எண்கள் 1 முதல் n வரை என்ற எல்லை இல்லை. இரட்டை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. எண்களை முகவரிகளாக நேரடியாகப் படிக்க முடியாது. 2013இல் பீம், கிளிஃபோர்ட், மக்முச்சி மூவரும் இங்கேயும் சுழற்சித் தேடலைக் கொண்டுவந்தார்கள்: ஒவ்வோர் எண்ணையும் ஒரு சமவாய்ப்பு ஹாஷ் சார்பு வழியாக ஓர் இடமாக மாற்றி, அந்தப் பாதையில் நடந்து, உண்மையான இரட்டையும் ஹாஷ் தற்செயலாக உண்டாக்கிய போலி இரட்டையும் வரும்போது பிரித்துப் பார்ப்பது. சிறிய நினைவகத்தில் நேரம் ஏறத்தாழ n-இன் ஒன்றரை அடுக்கு. அவர்கள் கட்டணமில்லாமல் கிடைக்கும் ஒரு முழுச் சமவாய்ப்புச் சார்பை வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். 2022இல் லிஜி சென், ச ஜின், ரயன் வில்லியம்ஸ், ஹாங்சுன் வு நால்வரும் அதற்குப் பதிலாகச் சிறிய விதையிலிருந்து உண்டாகும் போலி-சமவாய்ப்பு ஹாஷ் போதும் என்று காட்டி, அந்த அனுமானத்தை நீக்கினார்கள்.

## எங்கே நிற்கிறது கேள்வி

n+1 இடங்களில் 1 முதல் n வரையிலான எண்கள், தாவி வாசிக்கும் வசதி, மாற்றத் தடை, சில மாறிகள் மட்டும் என்ற குறுகிய சட்டகத்துக்குள் கேள்வி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நேரம் n-க்கு நேர்விகிதத்தில், உறுதியான விடை; இதைவிடச் சிறந்த அடுக்கு எதிர்பார்க்க இடமில்லை, ஏனெனில் ஒற்றை இரட்டையை உறுதியாகக் காண அணியின் கணிசமான பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும்.

சட்டகத்தின் சுவர்களைக் கொஞ்சம் நகர்த்தினால் உறுதி குறைகிறது. பெரிய அணிகளில் நடைமுறை வேகத்துக்குச் சுழற்சித் தேடலைவிட வரிசையாக வாசிக்கும் வழிகள் ஏற்றவையாக இருக்கலாம். அது வன்பொருளைப் பொறுத்த அளவீட்டுக் கேள்வி, நிறுவலுக்குரியது அல்ல. திரும்ப வந்த எல்லா எண்களையும் பட்டியலிட வேண்டுமென்றால் இந்த நடை போதாது. எண்களின் எல்லையை எடுத்துவிட்டால், மிகச் சிறிய நினைவகத்தில் n-இன் ஒன்றரை அடுக்கு என்பதைவிடக் கணிசமாகக் குறைக்க முடியுமா என்பது இன்னும் தீரவில்லை. பொதுவான கணக்கீட்டு மாதிரியில் இதற்கு நிறுவப்பட்ட கீழ்வரம்புகள் n-ஐவிடச் சற்று மேலே மட்டுமே நிற்கின்றன. மேல்வரம்புக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியது. ஹாஷ் செய்து நடக்கும் இன்றைய வழி அந்த இடைவெளியில் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை இப்போதைக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.